கிழிந்த சிட்டையில் கணக்கு நிரப்பக்கூடிய இடமும் நிரப்பக்கூடாத இடமும்

நமது ஊர்களின் வணிக வரலாற்றை எழுத முனைபவர்களுக்கு இன்று கைக்கு எட்டும் முதன்மைச் சான்றுகளில் பழைய கடைச் சிட்டைகளும் ஒன்று. பெட்டகத்தின் அடியிலோ பழைய கணக்குப் புத்தகத்தின் நடுவிலோ நாலாக மடித்து வைத்த கடதாசிகள் கிடைக்கின்றன. அவற்றில் சாமானின் பெயர், அளவு, வீதம், தொகை, கீழே மொத்தம் என எல்லாம் இருக்கும். ஆனால் ஒரு மூலை கிழிந்திருக்கும், பூச்சி தின்ற துளைகள் இருக்கும், மடிப்பில் ஓர் இலக்கம் மறைந்திருக்கும்.

இப்படியான சிட்டைகளைப் பிரதி பண்ணித் தரும்படி எனது பழைய மாணவர்கள் கொண்டு வருவதுண்டு. ஒருவர் கேட்டார்: "சேர், கூட்டிக் கழிச்சாப் பாத்தா வருதுதானே. பென்சிலால எழுதி விட்டா என்ன?" நான் சொன்னது: "சில இடத்துல எழுதலாம். எந்த இடத்துல எண்டதுதான் கேள்வி." அந்தக் கேள்விக்குரிய விடையே இக்கட்டுரை.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதியதல்ல. ஏட்டுச்சுவடியில் ஒரு வெண்பாவின் நடுவில் ஒரு சீர் செல்லரித்துப் போயிருந்தால், அந்த இடத்தில் எவ்வகைச் சீர் வரவேண்டும் என்பதைத் தளை சொல்லிவிடும். எதுகை விழும் இடமாக இருந்தால் இரண்டாம் எழுத்தையும் சொல்லிவிடும். ஆனால் சொல் எது என்பதை யாப்பு சொல்லாது. அந்த வடிவத்துக்குள் அடங்கும் பல சொற்கள் இருக்கலாம். சிட்டைக் கணக்கும் அப்படித்தான். சில இடங்களில் அது ஒரே ஒரு இலக்கத்தை மட்டும் விட்டு மற்ற எல்லாவற்றையும் விலக்கிவிடும். வேறு சில இடங்களில் வடிவத்தை மட்டும் காட்டி நின்றுவிடும். இரண்டையும் பிரித்தறிவதே வேலை.

மடிப்பும் கிழிசலும் ஒன்றல்ல

கிழிந்துபோன இலக்கம் இல்லாத இலக்கம். மடிப்பில் போன இலக்கமோ கடதாசியில் இன்னும் இருக்கிறது. ஆகவே மடிப்பை விரிக்க முடியுமானால் முதலில் விரிக்க வேண்டும், கணக்கு அதற்குப் பிறகுதான்.

மடிப்பில் இன்னொரு தொல்லையும் உண்டு. கிழிந்த இடத்தைப் பார்த்தால் அங்கே ஏதோ குறைகிறது என்று கண்ணுக்குத் தெரியும். நெடுக்காக விழுந்து இறுகிப்போன ஒரு மடிப்போ ஒரு துண்டை விழுங்கிவிட்டு இரு பக்கத்தையும் ஒட்டினாற்போல் காட்டும். 17.36 என்ற தொகையில் 7 மடிப்புக்குள் போய்விட்டால் நமக்குத் தெரிவது 1.36. அது முழுமையான ஒரு தொகையாகவே தோன்றும். இதைக் கண்டுபிடிக்க வரிக்கு வரி பெருக்கிப் பார்ப்பதே வழி. 28 இறாத்தல் சீனி, இறாத்தல் 62 சதம் என்று எழுதிய வரியில் தொகை 1.36 ஆக இருக்க முடியாது. மொத்தம் எழுதிய வரி வரைக்கும் மடிப்பு நேராக ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஓடினால் அந்த மொத்தத்திலும் ஓர் இலக்கம் போயிருக்கும்.

கடதாசி முறியும் நிலையில் இருந்தால் விரிக்க முயலாமல், பின்னால் ஒரு வெளிச்சத்தை வைத்துப் பார்த்தாலே பல சமயம் உள்ளிருக்கும் இலக்கம் நிழலாகத் தெரியும். ஈரம் காட்டி இளக்கும் வேலை வேண்டாம். பழைய சிட்டைகள் பல, நனைந்தால் ஊதா நிறமாகக் கரையும் மைப் பென்சிலால் எழுதப்பட்டவை. ஈரம் பட்டால் இருக்கிற இலக்கமும் போய்விடும்.

ஒரு மாதிரிச் சிட்டை

விளக்கத்துக்காக, நான் பார்த்த பலசரக்குக் கடைச் சிட்டைகளின் அமைப்பிலேயே ஒரு மாதிரியை இங்கே எழுதுகிறேன். தொகைகள் நான் அமைத்தவை. கிலோகிராம் வருவதற்கு முந்திய சிட்டை என்பதால் நிறை இறாத்தலில் இருக்கிறது. மடிப்பை விரித்தாயிற்று. துளையாலும் கிழிசலாலும் போன இடங்களைக் கேள்விக்குறியாக இட்டிருக்கிறேன்.

1. சீனி: 28 இறாத்தல், வீதம் 0.62, தொகை 17.36
2. பருப்பு: 14 இறாத்தல், வீதம் ?, தொகை 10.08
3. கொத்தமல்லி: ? இறாத்தல், வீதம் 1.15, தொகை 8.05
4. மஞ்சள்: ¼ இறாத்தல், வீதம் ?, தொகை 0.47
5. செத்தல் மிளகாய்: 12 இறாத்தல், வீதம் 2.35, தொகை ?
6. தேயிலை: 6½ இறாத்தல், வீதம் ?, தொகை ?

மொத்தம்: 84.96

கடதாசியின் இடது பக்கம் முழுமையாக இருக்கிறது. வலது பக்கத்தில் 5ஆம் 6ஆம் வரிகளையும், அவற்றுக்கும் மொத்தத்துக்கும் இடையில் உள்ள ஒரு வெற்றுக் கோட்டையும் கடித்தெடுத்தாற்போல் ஒரு துண்டு போயிருக்கிறது. இந்த வெற்றுக் கோட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்குப் பார்க்க முன்னர் ஒரு சின்ன வேலை இருக்கிறது. துளையின் விளிம்புகளில் எஞ்சி நிற்கும் மைத் துணுக்குகளைப் பார்த்துத் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். 2ஆம் வரியில் துளையின் மேல் விளிம்பில் ஒரு படுக்கைக் கோடு, கீழ் விளிம்பில் இன்னொரு படுக்கைக் கோடு என்று மட்டும் எழுதினால் போதும். விடை தெரிந்த பிறகு அதே இடத்தைப் பார்த்தால் கண் விடைக்கு ஏற்றபடி வாசித்துவிடும். கணக்குக்கு முந்திப் பார்த்து எழுதிய துணுக்குத்தான் பின்னர் கணக்கைச் சோதிக்கும் தனிச் சாட்சியாக நிற்கும்.

ஒரு சதம் கூட்டிப் பார்க்கும் சோதனை

2ஆம் வரியை எடுப்போம். 10.08ஐ 14ஆல் வகுத்தால் சரியாக 72 சதம். இதோடு நின்றுவிடக் கூடாது. பக்கத்திலுள்ள வீதங்களும் பொருந்துமா என்று கேட்க வேண்டும். 71 சதமானால் தொகை 9.94, 73 சதமானால் 10.22. வீதம் ஒரு சதம் அசைந்தால் தொகை 14 சதம் அசைகிறது. 71½ சதம் என அரைச் சதத்தில் வீதம் போட்டிருந்தாலும் 10.01 தான் வரும். ஆகவே 10.08 என்ற தொகையைத் தரக்கூடியது 72 மட்டுமே. முன்னரே எழுதி வைத்த துணுக்கும் ஒத்துவருகிறது: மேலே உள்ள படுக்கைக் கோடு 7இன் தலை, கீழே உள்ளது 2இன் அடி.

3ஆம் வரியில் அளவுதான் இல்லை. 8.05ஐ 1.15ஆல் வகுத்தால் சரியாக 7. இறாத்தலுக்கு 16 அவுன்ஸ் என்பதால், ஓர் அவுன்ஸ் கூடினாலும் தொகை ஏறக்குறைய 7 சதம் கூடும். ஆகவே ஓர் அவுன்ஸ் வித்தியாசம்கூட இங்கே ஒளிந்திருக்க இடமில்லை. சிட்டையின் மற்ற அளவுகளோடும் 7 இசைகிறது. ஓர் அந்தர் 112 இறாத்தல், கால் அந்தர் 28, அதிற் பாதி 14, அதிலும் பாதி 7. ஆனால் இந்த இசைவைத் துணைச் சான்றாக மட்டுமே கொள்ள வேண்டும். தேயிலை 6½ இறாத்தல் இதே சிட்டையில் இருக்கிறது. கடைக்காரர் எப்போதும் ஒரே படிக்கல்லில் நிறுப்பதில்லை.

4ஆம் வரி பார்வைக்கு இலேசானது. கால் இறாத்தல் 47 சதம் என்றால் ஒரு இறாத்தல் 1.88 என்று யாரும் உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால் அதே சோதனையைப் போட்டுப் பாருங்கள். வீதம் ஒரு சதம் அசைந்தால் தொகை கால் சதம்தான் அசையும். கால் சதத்தைச் சிட்டையில் எழுத முடியாது, கடைக்காரர் அதைக் கூட்டியோ குறைத்தோ எழுதியிருப்பார். கிட்டிய சதத்துக்கு எழுதும் வழக்கம் என்றால் 1.86, 1.87, 1.88, 1.89 நான்கும் 47 சதத்தைத் தரும். மிச்சத்தைத் தள்ளிவிடும் வழக்கம் என்றால் 1.88 முதல் 1.91 வரை பொருந்தும். மிச்சத்தை ஒரு சதமாக ஏற்றிவிடும் வழக்கம் என்றால் 1.85 முதல் 1.88 வரை பொருந்தும். எந்த வழக்கம் என்று தெரியாத நிலையில் 1.85 முதல் 1.91 வரை ஏழு வீதங்களுக்கு இடமிருக்கிறது. அந்தக் கடையில் உண்மையான வீதம் 1.90 ஆக இருந்திருக்கவும் நன்றாக இடமுண்டு.

இந்த மூன்று வரிகளிலும் நாம் செய்த கணக்கு ஒன்றுதான், ஒரே ஒரு வகுத்தல். ஆனால் முதல் இரண்டும் உறுதியானவை, மூன்றாவது உறுதியற்றது. காரணம், வகுக்கும் எண் பெரிதாக இருந்தால் அரைச் சத வேறுபாடு சுருங்கி இல்லாமற் போகிறது. ஒன்றிலும் சிறிய பின்னமாக இருந்தால் அதே வேறுபாடு பெருத்துவிடுகிறது. விடை சுத்தமான எண்ணாக வருகிறதா என்று பார்ப்பதைவிட, தேடும் இலக்கம் ஒரு படி அசைந்தால் கடதாசியில் உள்ள இலக்கம் அசையுமா என்று கேட்பதே சரியான கேள்வி. அசையும் என்றால் நிரப்பலாம். அசையாது என்றால் "1.85 முதல் 1.91க்குள்" என்று எழுதலாமே தவிர 1.88 என்று எழுதக்கூடாது.

மொத்தத்தை ஒரு முறைதான் செலவழிக்கலாம்

5ஆம் வரியில் அளவும் வீதமும் இருக்கின்றன. 12ஐ 2.35ஆல் பெருக்கினால் 28.20. இங்கே சத மிச்சம் எதுவும் இல்லை. இந்த விடை அந்த வரிக்குள்ளிருந்தே வந்தது, மொத்தத்தை இன்னும் நாம் தொடவில்லை.

6ஆம் வரியில் இரண்டு இலக்கங்கள் போய்விட்டன. வரிக்குள்ளிருந்து எதுவும் வராது. ஒரேயொரு வழி மொத்தம். மற்ற ஐந்து தொகைகளையும் கூட்டினால் 64.16. அதை 84.96இலிருந்து கழித்தால் 20.80. அதை 6½ஆல் வகுத்தால் சரியாக 3.20.

இங்கேதான் பலரும் பேனையை எடுத்துவிடுவார்கள். சுத்தமாக 3.20 வந்துவிட்டதே, வேறென்ன வேணும்? இரண்டு காரணங்களுக்காகப் பொறுக்க வேண்டும்.

முதலாவது, கழித்து வந்த 20.80 தேயிலையின் தொகை என்று கடதாசி சொல்லவில்லை. கிழிந்த துண்டில் இருந்த, நமக்குத் தெரியாத எல்லாவற்றின் கூட்டுத்தொகை அது. நினைவில் வைக்கச் சொன்ன வெற்றுக் கோட்டுக்கு இப்போது வருவோம். இடது பக்கம் வெறுமையாக இருப்பதால் அந்தக் கோட்டில் சாமான் எதுவும் எழுதப்படவில்லை என்று சொல்லலாம். ஆனால் முன்பாக்கி, சாக்கு விலை, வண்டிக் கூலி, கழிவு போன்றவற்றைக் கடைக்காரர்கள் வலது ஓரத்தில் தொகைக்குப் பக்கத்திலேயே சுருக்கி எழுதிவிடுவதுண்டு. அப்படி 2.60 முன்பாக்கி ஒன்று இருந்திருந்தால் தேயிலை 18.20, வீதம் 2.80. அதுவும் சுத்தமாகவே வருகிறது. 1.30 கழிவு கொடுத்திருந்தால் தேயிலை 22.10, வீதம் 3.40. அதுவும் சுத்தம்தான்.

இரண்டாவது, சுத்தமாக வருவது எவ்வளவு பெரிய சான்று என்பதை நிறுத்துப் பார்க்க வேண்டும். 6½ இறாத்தலுக்கு வீதம் ஒரு சதம் கூடினால் தொகை ஆறரைச் சதம் கூடும். அதாவது எழுமாற்றாக ஒரு தொகையை எடுத்தாலும், 13இல் 2 தடவை அது ஏதோ ஒரு முழுச் சத வீதத்துக்குப் பொருந்திவிடும். ஆகவே 3.20 என்ற விடை தற்செயலாகவும் வந்திருக்கலாம். கடைக்காரர் 5 சதப் படியில் மட்டுமே வீதம் போடுபவர் என்றால் இந்தச் சான்று மிகவும் பலப்படும். ஆனால் இதே சிட்டையில் 62, 72 என்ற வீதங்கள் இருப்பதால் அப்படிச் சொல்ல வழியில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தேயிலையைக் காண மொத்தத்தைப் பயன்படுத்திவிட்டோம். இனி "எல்லாவற்றையும் கூட்டினால் 84.96 வருகிறது, ஆகவே கணக்குச் சரி" என்று சொல்லக்கூடாது. வராமல் எப்படி இருக்கும்? வரும்படியாகத்தானே இலக்கத்தை வைத்தோம். தேயிலையின் தொகை கடதாசியில் இருந்திருந்தால், அந்த மொத்தம் மிளகாயின் 28.20ஐச் சோதிக்கும் சாட்சியாக நின்றிருக்கும். இப்போது அந்தச் சாட்சியை வேறு வேலைக்கு எடுத்தாயிற்று.

கடைக்காரர் பிழை விட்டிருந்தால்

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் எடுகோள் இருக்கிறது: சிட்டையை எழுதியவர் சரியாகப் பெருக்கிச் சரியாகக் கூட்டினார் என்பது. சனம் நிறைந்த நேரத்தில் மனக்கணக்காய்ப் போட்ட சிட்டையில் இது எப்போதும் உண்மையல்ல. ஆகவே நிரப்பத் தொடங்குமுன், முழுமையாக இருக்கும் வரிகளைப் பெருக்கிப் பார்த்து எழுதியவரின் கணக்கைச் சோதிக்க வேண்டும். நமது மாதிரியில் முழுமையான வரி ஒன்றே ஒன்று, சீனி. அது சரியாக இருக்கிறது. ஆனால் ஒரு வரி சரியாக இருப்பதை வைத்து ஒருவர் பிழை விடாதவர் என்று முடிவுகட்ட முடியாது. அதே கையெழுத்தில் வேறு சிட்டைகள் கிடைத்தால் அவற்றைச் சோதிப்பதே சரி. கார்பன் தாள் வைத்து எழுதிய சிட்டைப் புத்தகம் கடையில் எஞ்சியிருந்தால் கணக்கே தேவையில்லை, பிரதியைப் பார்த்தால் போதும்.

பிழை இருந்தால் அது எங்கே போய்ச் சேரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கடைக்காரர் மிளகாய்க்கு 28.20க்குப் பதிலாக 27.20 என்று எழுதி, அதை வைத்தே மொத்தம் போட்டிருந்தார் என வைப்போம். நாம் 28.20 என்று நிரப்பினால் அந்த ஒரு ரூபா வித்தியாசம் முழுவதும் தேயிலையின் தலையில் விழும். அப்போது உண்மையான தேயிலைத் தொகை 21.80 ஆக இருக்க வேண்டும். 6½ஆல் வகுத்தால் 3.35க்கும் 3.36க்கும் இடையில் விழுகிறது. 3.35 என்றால் 21.77 அல்லது 21.78, 3.36 என்றால் 21.84. இரண்டும் பொருந்தவில்லை. ஆகவே இந்தக் குறிப்பிட்ட பிழையை ஓரளவுக்கு விலக்கலாம். எல்லாப் பிழைகளையும் இப்படி விலக்க முடியாது. வரிக்குள் நிரப்பிய இலக்கத்தில் வேறு வரியின் பிழை வந்து சேராது. மொத்தத்திலிருந்து கழித்து நிரப்பிய இலக்கத்திலோ சிட்டையின் எல்லா வரிகளின் பிழையும் வந்து சேரும்.

கணக்கு தொடாத இடங்கள்

திகதி, சிட்டை இலக்கம், வாங்கியவரின் பெயர் ஆகியவற்றைக் கணக்கு ஒருபோதும் தராது. "சீனி 62 சதம் விற்ற காலம்" என்று வீதத்தை வைத்துத் திகதி போட்டு, பிறகு அந்தத் திகதியை வைத்தே அக்கால விலையை எழுதினால் அது வட்டத்துக்குள் சுற்றுவதாகிவிடும்.

அதைவிடக் கவனம் வேண்டிய இடம் மொத்தத்துக்குக் கீழே இருக்கும் பகுதி. மொத்தம், கொடுத்தது, பாக்கி என்ற மூன்றில் ஒன்று மட்டும் போயிருந்தால் கழித்துக் காணலாம். மொத்தம் மட்டும் எஞ்சி மற்ற இரண்டும் கிழிந்திருந்தால், முழுத் தொகையும் கடனாக நின்றதா, கையோடு கொடுத்து முடிந்ததா என்பதை அந்தக் கடதாசி சொல்லாது. இது வெறும் ஆராய்ச்சிச் சங்கதி அல்ல. ஒருவர் மௌத்தானால் வாரிசுகளுக்குச் சொத்தைப் பிரிக்க முன்னர் அவரது கடனை அடைக்க வேண்டும் என்பது நாம் அறிந்ததே. அப்படியான வேளையில் பெட்டகத்திலிருந்து ஒரு கிழிந்த சிட்டை வெளிப்பட்டு, "வாப்பாட பேர்ல எம்பத்தஞ்சு ரூபா பாக்கி இருக்கி" என்று யாராவது சொன்னால், மொத்தம் 84.96 என்பது சாமான் வாங்கியதற்குத்தான் சான்று, பாக்கிக்குச் சான்று அல்ல என்று சொல்லத் தெரிய வேண்டும். பாக்கி இல்லை என்பதற்கும் அது சான்று அல்ல. அங்கே கடைக்காரரின் பேரேட்டைத்தான் தேட வேண்டும்.

எப்படி எழுதி வைப்பது

மூலச் சிட்டையில் பென்சிலாலும் எழுதக்கூடாது. பிரதியில்தான் நிரப்ப வேண்டும். கல்வெட்டுப் பதிப்புகளில் அழிந்த எழுத்தை ஊகித்து எழுதும்போது பகர அடைப்புக்குள் இடுவார்கள். அதே முறை இங்கும் போதும். ஆனால் அடைப்பு மட்டும் போட்டால் உறுதியானதும் உறுதியற்றதும் ஒரே தோற்றத்தில் நிற்கும். ஆகவே எந்த வழியால் வந்தது என்பதைப் பக்கத்தில் ஒரு சொல்லில் குறிக்க வேண்டும். நமது மாதிரிச் சிட்டை பிரதியில் இவ்வாறு அமையும்:

பருப்பு வீதம் [0.72], வரிக்குள்; மைத் துணுக்கும் ஒத்தது.
கொத்தமல்லி அளவு [7], வரிக்குள்.
மஞ்சள் வீதம் [1.85–1.91], எல்லை மட்டும்.
செத்தல் மிளகாய் தொகை [28.20], வரிக்குள், கடைக்காரரின் பெருக்கல் சரி என்ற எடுகோளில்.
தேயிலை தொகை [20.80?], வீதம் [3.20?], மொத்தத்திலிருந்து, 6ஆம் வரிக்குக் கீழ் வேறு தொகை இல்லை என்ற எடுகோளில்.

நாளைக்கு ஒருவர் அக்காலத்துச் சாமான் விலைகளைப் பட்டியலிட வந்தால், பருப்பின் 72 சதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தேயிலையின் 3.20ஐ எடுக்க வேண்டுமானால் அதே கடையின் இன்னொரு சிட்டையில் தேயிலை வீதம் கிடைக்கும் வரை காத்திருப்பார். கேள்விக்குறியில்லாமல் நாம் எழுதி வைத்திருந்தால் அவர் காத்திருக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியவராது.